கூப்பிடாமல் வந்தவர் அடிபட்டாலும் வயல்காரர் பொறுப்பா?

‘‘எங்கள் சம்பா வயலில் எலியும் பன்றியும் கதிரை அறுத்துத் தள்ளுகின்றன. இரவில் மட்டும் மோட்டார் கொட்டகையிலிருந்து கம்பி இழுத்து, நூறு வாட்ஸ் பல்பை இடையில் மாட்டி, வரப்பு ஓரம் மின்சாரம் விடலாம் என்கிறார் பக்கத்து வயல்காரர். ‘உங்க நிலம், உங்க கம்பி. ராத்திரியில உள்ளே வர்றவனுக்கு என்ன வேலை? ஒரு போர்டு வெச்சுடுங்க, போதும்’ என்றும் சொல்கிறார். இது சரியா?’’

- தரங்கம்பாடி வட்டத்திலிருந்து ஒரு வாசகர்.

சரியில்லை. இந்தக் கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 1963-லேயே பதில் சொல்லிவிட்டது. பீகாரைச் சேர்ந்த செருபின் கிரிகரி என்பவரின் வழக்கு அது. பக்கத்து வீட்டுக் கழிவறையின் சுவர் இடிந்து விழுந்துவிட்டதால், அந்த வீட்டுப் பெண் இவருடைய கழிவறைக்கு வந்து போனார். வேண்டாம் என்று சொல்லியும் அது நிற்கவில்லை. வருகிறவர்களைத் தடுக்க, கழிவறைக்குப் போகும் வழியில் ஒரு கம்பியைக் கட்டி மின்சாரம் பாய்ச்சினார். எச்சரிக்கை எதுவும் வைக்கவில்லை. கம்பியில் கைபட்டு அந்தப் பெண் இறந்துபோனார்.

‘அவர் அத்துமீறி என் இடத்துக்குள் வந்தார்’ என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. அத்துமீறி வந்தவருக்கும் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. அவரை நேரடியாக அடித்துக் காயப்படுத்தக் கூடாது என்பதுபோலவே, ஆளைக் கொல்லக்கூடிய ஒன்றைத் தெரிந்தே நிலத்தில் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளவும் கூடாது என்பதே தீர்ப்பின் சாரம். அஜாக்கிரதையால் மரணம் விளைவித்த குற்றத்துக்கான தண்டனை உறுதியானது. அதே குற்றத்துக்கு இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 106-வது பிரிவின்படி ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். உயிர் போகும் என்று தெரிந்தே செய்ததாகக் கருதப்பட்டால், அதைவிடக் கடுமையான 105-வது பிரிவும் வரலாம்.

‘பல்பு போட்டால் ஆபத்தில்லை, தொட்டால் பியூஸ் போய்விடும்’ என்ற நம்பிக்கைதான் பலரை இதில் இறக்கிவிடுகிறது. நூறு வாட்ஸ் பல்பு வழியாக ஏறக்குறைய 0.4 ஆம்பியர் வரை மின்சாரம் போகும். ஆளைக் கொல்ல அதில் நாலில் ஒரு பங்கே போதும். பியூஸோ பல ஆம்பியர் போனால்தான் உருகும். ஆள் இறந்த பிறகும் அது அப்படியே இருக்கும். சேற்றில் வெறுங்காலோடு நிற்பவர் உடல் வழியாக மின்சாரம் எளிதாகத் தரைக்கு இறங்கிவிடும்.

போர்டும் காப்பாற்றாது. இருட்டில் அது தெரியாது. குழந்தைக்குப் படிக்கத் தெரியாது. எச்சரிக்கை என்பது பார்த்து, புரிந்து, விலகிப் போக முடிந்தவருக்குத்தான் உதவும். அதைவிட, பாசனத்துக்கு வாங்கிய இணைப்பிலிருந்து வேலிக்கு மின்சாரம் எடுப்பதே மின்சாரச் சட்டத்தின்படி தவறு.

இது கூப்பிடாமல் வந்தவரின் நிலை. நடவுக்கு வரும் ஆட்கள், அறுவடை இயந்திர டிரைவர், நெல் பார்க்க வரும் வியாபாரி என உங்கள் வேலையாக வருகிறவர்களிடம் பொறுப்பு இன்னும் கூடுதல். அவர்களுக்கு நீங்கள் கம்பி கட்டித்தான் தீங்கு செய்ய வேண்டும் என்பதில்லை. மூடாத குழி, உளுத்த பலகை, தோல் உரிந்த மோட்டார் ஒயர் என உங்களுக்குத் தெரிந்த, தெரிந்திருக்க வேண்டிய ஆபத்தைச் சரிசெய்யாமலோ சொல்லாமலோ விட்டாலே நஷ்டஈடு கேட்கலாம். இதற்கென்று இங்கிலாந்தில் 1957-ல் தனிச் சட்டம் வந்தது. இந்தியாவில் அப்படித் தனிச் சட்டம் இல்லை. நீதிமன்றங்கள் வழக்குக்கு வழக்கு பார்த்து முடிவு செய்கின்றன.

நிலம் குத்தகையில் இருந்தால் யார் பொறுப்பு என்ற கேள்வியும் வரும். பட்டா யார் பேரில் என்பதைவிட, நிலம் யார் அனுபவத்தில், யார் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்பதுதான் முதலில் பார்க்கப்படும். குத்தகைதாரர் கம்பி கட்டினால் அவர் பொறுப்பு. அது தெரிந்தும் தன் மோட்டார் இணைப்பைக் கொடுத்த உரிமையாளரும் தப்ப முடியாது. இறந்தவரின் குடும்பம் 1855-ம் ஆண்டு மரண விபத்துகள் சட்டப்படி, இறந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் நஷ்டஈட்டு வழக்கு போடலாம். குற்ற வழக்கு நடக்கிறதே என்று காத்திருந்தால் இந்தக் கெடு போய்விடும்.

எலிக்குத் தஞ்சாவூர் கிட்டியும், ஆந்தை வந்து உட்காரக் குச்சிகளும் போதும். பன்றிக்கு வேலி வேண்டுமென்றால், நொடிக்கு ஒருமுறை கண்ணிமைக்கும் நேரம் மட்டும் அதிர்வு தரும் தரச்சான்று பெற்ற சோலார் வேலிக் கருவி இருக்கிறது. அதைப் போடுமுன் அனுமதி வேண்டுமா என்று வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பக்கத்து வயல்காரர் ஏற்கெனவே கம்பி கட்டியிருந்தால் நீங்கள் போய் அதைத் தொட வேண்டாம். உங்கள் ஆட்களை அந்த வரப்புப் பக்கம் விடாமல், மின்வாரியத்தின் 94987 94987 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள். பொது வரப்பில் நாளை அதிகாலையில் கால் வைக்கப்போவது உங்கள் வீட்டு ஆளாகவும் இருக்கலாம்.