பட்டியலா, பணியா?

பள்ளிகளில் நடைபெறும் தொழில் வழிகாட்டி நாளில் சிறப்பு விருந்தினர் பேசுவதற்கு முன், ஆசிரியரோ மாணவரோ அவரை அறிமுகம் செய்கிறார். அவ்வுரை பெரும்பாலும் ஒரே வடிவில் அமைந்துவிடுகிறது. பெற்ற பட்டங்கள், வகித்த பதவிகள், வாங்கிய விருதுகள் ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. 'அறிமுகம் தேவையில்லாதவர்' என்னும் தொடரும் தவறாமல் இடம்பெறுகிறது. அரங்கம் கைதட்டுகிறது. ஆனால், விருந்தினர் செய்யும் பணி யாது என்று அப்போது வினவினால், மாணவர் பலரால் விடை கூற இயலாது.

அறிஞர் அவையில் அத்தகைய பட்டியலுக்குப் பயன் உண்டு. அங்கு அமர்ந்திருப்போர் ஒவ்வொரு பதவியின் எடையையும் அறிவர். பதினாறு வயது மாணவரின் தேவையோ வேறு. அந்தத் தொழிலில் நாள்தோறும் என்ன செய்ய வேண்டும், அது தமக்கு ஏற்றதா என்பனவற்றையே அவர் அறிய விரும்புகிறார். விருதுகளின் உயரத்தில் நிறுத்தப்பட்டவரிடம் எளிய ஐயத்தைக் கேட்க அவர் தயங்குவார். கேட்க வேண்டிய வினா கேட்கப்படாமல் போனால், அந்நாளின் நோக்கமே கெடும். ஆகவே, இளையோர்க்கான அறிமுக உரை விருதுகளைவிடப் பணியையே முன்வைக்க வேண்டும்.

சந்திரயான்-1 திட்டத்தின் இயக்குநராக இருந்த மயில்சாமி அண்ணாதுரை ஒரு பள்ளிக்கு வருவதாகக் கொள்வோம். 1982இல் இஸ்ரோவில் சேர்ந்தவர், 2016இல் பத்மஸ்ரீ விருது பெற்றவர் என்று கூறுவது பட்டியல் முறை. அவரையே பின்வருமாறும் அறிமுகம் செய்யலாம்:

"2008ஆம் ஆண்டு அக்டோபர் 22 அன்று, நிலவைச் சுற்றிவர இந்தியாவிலிருந்து ஒரு விண்கலம் புறப்பட்டது. அதில் 11 ஆய்வுக் கருவிகள் இருந்தன. அவற்றுள் 5 நம் நாட்டினுடையவை, 6 வெளிநாட்டினுடையவை. வெவ்வேறு குழுவினர் உருவாக்கிய அவை அனைத்தும் ஒரே கலத்தில் பொருந்தி இயங்க வேண்டும். அப்பணியை ஒருங்கிணைப்பதே திட்ட இயக்குநரின் பொறுப்பு. ஈராண்டுகள் இயங்கத் திட்டமிடப்பட்ட கலம், ஏறத்தாழ பத்து மாதங்களில் தொடர்பை இழந்தது. ஆயினும், அது அனுப்பிய தரவுகளிலிருந்து நிலவில் நீர் இருப்பதற்கான சான்று கிடைத்தது. பொள்ளாச்சிக்கு அருகிலுள்ள கோதவாடியில் பிறந்து, தமிழ்வழியில் பள்ளிக்கல்வி பயின்ற அந்தத் திட்ட இயக்குநர், மயில்சாமி அண்ணாதுரை."

இவ்வுரையை ஒரு நிமிட அளவில் பேசிவிடலாம். 'திட்ட இயக்குநர்' என்னும் பதவிப்பெயர் இங்கே ஒரு செயலாக விளங்குகிறது. பெயர் இறுதியில் வருவதால் கைதட்டல் உரிய இடத்தில் எழுகிறது. விருந்தினரும் உடனே பேசத் தொடங்கலாம். கலம் தொடர்பை இழந்த செய்தி மறைக்கப்படவில்லை. வெற்றிகளை மட்டும் கேட்கும் மாணவர், அத்தொழிலின் ஒரு பாதியையே அறிந்து அதைத் தேர்ந்தெடுக்க நேரும்.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. கலம் இயங்கிய காலத்தில் எழுந்த சிக்கல்களை எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதை அறிமுகம் செய்பவர் விரித்துரைக்கலாகாது. அது விருந்தினர் தாமே கூற வேண்டிய செய்தி. அதை முன்னரே சொல்லிவிட்டால், அவர் கூறியது கூற நேரிடும். அறிமுகம் வாயிலைத் திறந்துவிட்டு விலகிக்கொள்ள வேண்டும்.

எல்லா விருந்தினரும் நாடறிந்தவர் அல்லர். செவிலியரோ மின்பணியாளரோ வருவாராயின், அவரைப் பற்றிய செய்திகள் நூல்களில் கிடைக்கமாட்டா. அவரிடமே ஓரிரு நாள் முன்னதாகக் கேட்டறிய வேண்டும். நேற்றைய பணிநாளில் முதலில் செய்தது என்ன? அப்பணியில் எளிதில் நேரும் பிழை எது? பதினொன்றாம் வகுப்பில் அவர் என்ன படித்தார்? இம்மூன்று விடைகளே ஓர் அறிமுகத்திற்குப் போதும். பெயரை ஒலிக்கும் முறையையும் இன்றைய பதவியையும் அவரிடமே சரிபார்த்துக்கொள்வது நன்று. பழைய அழைப்பிதழிலிருந்து படியெடுத்த குறிப்பு, மாறிய பதவியை மேடையில் அறிவித்துவிடும்.

விருதுகளைக் கூறாமல் விடுவது விருந்தினரை மதியாமை ஆகாதா எனச் சிலர் வினவலாம். அவற்றை அழைப்பிதழில் அச்சிடலாம். ஒருவரின் உழைப்பைப் புரிந்துகொண்டு எடுத்துரைப்பதும் அவருக்குச் செய்யும் மதிப்பே ஆகும்.

எழுதிய உரையைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. அதிலுள்ள பெயரை நீக்கி வேறொருவரின் பெயரை இட்டுப் படித்துப் பார்க்க வேண்டும். அப்போதும் உரை பொருந்துமானால், அது எவரையும் அறிமுகம் செய்யவில்லை. மீண்டும் எழுதப்பட வேண்டும்.