ரூபார்ப் இலையும் தண்டும்

இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பிரதேசத்தில், வேக்ஃபீல்டு நகரைச் சுற்றியுள்ள இருண்ட கொட்டகைகளில் குளிர்காலத்தில் வளர்க்கப்பட்டு, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பறிக்கப்படும் ரூபார்ப் செடியின் சிவந்த தண்டைச் சர்க்கரையிட்டு வேகவைத்து விரும்பி உண்ணும் மக்கள், அதன் இலையை மட்டும், அது தோட்டத்துச் செடியின் அகன்ற பச்சை இலையாயினும் கொட்டகைச் செடியின் மஞ்சள் நிறச் சிற்றிலையாயினும், சீவி எறிந்துவிடுகிறார்கள். இந்த வழக்கம் சரியானது. ஆனால் இதற்குக் காரணமாக எங்கும் சொல்லப்படுவது, அதாவது இலையில் ஆக்ஸாலிக் அமிலம் என்னும் கொடிய விஷம் உண்டு, தண்டில் அது இல்லை, ஆகையால் ஓர் இலையைத் தின்றாலும் மரணம் என்பது, ஆராய்ந்து பார்த்தால் நிற்காது.

தண்டில் அந்த அமிலம் இல்லை என்பது முதற்பிழை. தண்டின் புளிப்பில் பெரும்பங்கு மாலிக் அமிலத்தைச் சேர்ந்ததுதான் என்றாலும், ஆக்ஸாலிக் அமிலமும் அதில் கணிசமாகவே இருக்கிறது. கறுத்த அலுமினியப் பாத்திரத்தில் தண்டை வேகவைத்துக் கொட்டிப் பார்த்தால் உட்புறம் பளபளவென்று வெளுத்திருக்கும். அமிலங்கள் செய்யும் வேலை அது. தண்டைத் தின்றபின் நாவால் பற்களைத் தடவினால் சொரசொரப்பு ஒன்று தட்டுப்படும். ஆக்ஸாலிக் அமிலம் உமிழ்நீரிலுள்ள கால்சியத்தோடு கூடி, கரையாத நுண்படிகங்களாகப் பல்லின்மேல் படிவதே அதற்குக் காரணம். தினந்தோறும் உண்ணப்படும் பாலக்கீரையிலோ, ரூபார்ப் இலைக்குக் குறையாத அளவில், பல சமயம் அதனினும் மிகுதியாகவே, இதே அமிலம் காணப்படுகிறது.

இந்த அமிலம் சரீரத்தில் செய்வது என்ன? பல்லில் நிகழ்ந்ததே, அளவு மிகும்போது, ரத்தத்திலும் நிகழ்கிறது. தசைகளும் இருதயமும் ஒழுங்காக இயங்குவதற்கு இன்றியமையாத கால்சியத்தை இது கவர்ந்துகொள்வதால் தசைப்பிடிப்பும் நாடிக்கோளாறும் உண்டாகின்றன. பிறந்த படிகங்கள் சிறுநீரகத்தின் நுண்குழல்களில் அடைந்து சிறுநீரைத் தடுக்கின்றன. தண்டைப் பாலோடும் முட்டைக் கூழோடும் சேர்த்து உண்ணும் ஆங்கிலேயர் வழக்கத்தில் ஒரு நன்மை உண்டு: பாலின் கால்சியம் அமிலத்தைக் குடலிலேயே பற்றிக்கொள்ள, அது ரத்தத்தில் கலவாமல் மலத்தோடு வெளியேறுகிறது.

இனி, ஓர் இலை கொல்லும் என்ற கூற்று. எலிகளில் பாதியைக் கொல்லும் அளவு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 375 மில்லிகிராம் எனக் கண்டிருக்கிறார்கள். இதை 65 கிலோ எடையுள்ள ஒருவருக்குப் பொருத்தினால் ஏறக்குறைய 24 கிராம் ஆகிறது. இலையில் இந்த அமிலம் அரை சதவிகிதம் என்று கொண்டால், அவர் சுமார் 5 கிலோ இலையைத் தின்ன வேண்டும்.

இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு, அப்படியானால் இலையைக் கீரைபோல் சமைத்து உண்ணலாம் என்று வாதிப்போரும் இருக்கிறார்கள். முன்னதைவிட ஆபத்தான பிழை இதுதான். மேற்படி எண் எலியைக் கொண்டு செய்த அனுமானம்; மனிதருக்கு மிகக் குறைந்த அளவிலும் தீங்கு நேர்வதுண்டு, சிறுநீரகம் பழுதடைவதற்குச் சாகும் அளவு உண்ண வேண்டியதுமில்லை. முதல் உலக யுத்தத்தின்போது பிரிட்டனில் உணவுப் பஞ்சம் நேர்ந்து, இந்த இலையைக் கீரைக்குப் பதிலாகச் சமைக்கலாம் என்று யோசனை சொல்லப்பட்டதும், அதைக் கேட்டு உண்டவர்களில் பலர் நோயுற்றுச் சிலர் மாண்டதும் வரலாறு. அவர்கள் யாரும் 5 கிலோ தின்றிருக்க முடியாது. ஆகவே இலையில் அமிலத்தைத் தவிர வேறொன்றும் சேர்ந்திருக்க வேண்டும் என்பது அறிஞர் பலரின் அபிப்பிராயம். இச்செடியின் இனத்தைச் சேர்ந்த வேர், நம் நாட்டு மருந்துக் கடைகளில் ரேவல்சின்னி என்ற பெயரில் பேதி மருந்தாக விற்கப்படுவதை அறிந்தவர்களுக்கு, அவ்வேரில் உள்ள ஆந்த்ரகுவினோன் வகைப் பொருள்களின்மேல் சந்தேகம் விழுவது வியப்பாயிராது. எனினும் அது இன்னும் ஐயமற நிறுவப்படவில்லை.

வேகவைத்தால் விஷம் போய்விடும் என்பதும் தவறு. சமையல் சூட்டில் ஆக்ஸாலிக் அமிலம் அழிவதில்லை. கொதிநீரில் ஒரு பகுதி இறங்கும், அந்நீரைக் கொட்டினால் அவ்வளவு குறையும், அதற்குமேல் இல்லை. பிரிட்டனில் மாண்டவர்கள் தின்றதும் கீரையாகச் சமைத்த இலையைத்தான். குப்பைக் குழியில் போட்டால் மண் கெடும் என்ற அச்சத்துக்கோ இடமில்லை. மண்ணின் நுண்ணுயிர்கள் இவ்வமிலத்தைச் சிதைத்துவிடும்.

தண்டை அளவாக உண்பவர் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் ஆக்ஸலேட் கல்லால் துன்புற்றவரும் சிறுநீரகம் நலிந்தவரும் தண்டையும் ஒதுக்குவது நலம். குழந்தை எவரேனும் இலையைத் தின்று, வாய் எரிந்தாலோ, வாந்தி எடுத்தாலோ, சிறுநீர் குறைவதாகத் தெரிந்தாலோ, வாந்திக்கு மருந்து கொடுத்துக் காலம் கடத்தாமல், தின்ற இலையின் மிச்சத்தையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.