பிறர் பெயரில் உரிமம், நம் பெயரில் கடன்

கீழ்பென்னாத்தூர் சுற்றுவட்டாரத்திலிருந்து வளைகுடா சென்ற நம் இளைஞர்களில் சிலர், பத்தாண்டு உழைப்புக்குப் பின் ஒரே கனவைச் சொல்கின்றனர்: "அங்கேயே நம் ஆட்களுக்காகச் சிறிய மளிகைக் கடை ஒன்று போட வேண்டும்." அரிசியும் முறுக்கும் கடலை மிட்டாயும் விற்கும் அத்தகைய 'பக்காலா'வுக்கு வாடிக்கையாளர் கிடைப்பது பெரும்பாலும் சிரமமன்று. கடை யாருடைய பெயரில் இருக்கிறது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது என்பது நம் கருத்து.

நெடுங்காலமாக நடைமுறை இதுவே: உரிமம் உள்நாட்டவர் பெயரில், முதலீடும் உழைப்பும் நம்முடையவை, அவருக்கு மாதந்தோறும் ஒரு தொகை. சவூதியில் இது 'தஸத்துர்' எனப்படும். 2020-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பெயர் கொடுத்தவரும் பெயருக்குப் பின்னால் வணிகம் நடத்தியவரும் குற்றவாளிகளே. ஐந்தாண்டு வரை சிறை, ஐம்பது இலட்சம் ரியால் வரை அபராதம், வெளிநாட்டவருக்கு நாடு கடத்தலும் உண்டு. ஊரில் நகையை அடகு வைத்துப் போட்ட முதல் ஒரே சோதனையில் போய்விடலாம். பெயர் கொடுத்தவர் நாளை கடை தம்முடையதே என்றால், நம்மிடம் காட்டுவதற்குச் சட்டம் ஏற்கும் ஏடு எதுவும் இராது.

அமீரகத்தில் நிலைமை மாறியுள்ளது. முன்பு நிறுவனத்தில் 51 விழுக்காடு உள்நாட்டவரிடம் இருக்க வேண்டும். 2021 ஜூன் முதல் பெரும்பாலான தொழில்களில் வெளிநாட்டவர் முழு உரிமை பெறலாம். எனவே அங்கே பெயரை இரவல் வாங்கும் தேவை பெரிதும் குறைந்துவிட்டது. துபாயில் பெயர்ப் பதிவு, முதற்கட்ட ஒப்புதல், கடை வாடகை ஒப்பந்தத்தை 'இஜாரி'யில் பதிதல், உணவுக் கடைக்கான நகராட்சி ஒப்புதல், வணிக உரிமம் ஆகியவை வேண்டும். இடம் உணவுக் கடைக்கு ஏற்றது என்று உறுதியாகும் முன் முழு ஆண்டு வாடகையைக் கட்டிவிடலாகாது. ஓட்டுநராகவோ வீட்டுப் பணியாளராகவோ விசா பெற்றவர், அதே விசாவைக் கொண்டு கடை நடத்தவும் இயலாது.

அடுத்தது சரக்கு. தொடக்கத்தில் ஊரிலிருந்து நேரடியாக இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. அரிசி, பருப்பு, மசாலா அனைத்தும் துபாய் மொத்த வணிகர்களிடமே முறையான பதிவுடன் கிடைக்கின்றன. 'குருவி' மூலம் பெட்டியில் வரும் சரக்கைக் கடையில் விற்பது கூடாது. குருமாவுக்கு நாம் அரைக்கும் கசகசா அமீரகத்திலும் சவூதியிலும் தடை செய்யப்பட்ட போதைப்பொருள் வகையில் சேர்கிறது. அது கலந்த மசாலாப் பொட்டலமும் ஆபத்தே.

ஊர்ப் பலகாரத்தை நம் பெயரிலேயே விற்க விரும்பினால், ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கீழ்பென்னாத்தூரில் ஒரு குடும்பம் முறுக்கு செய்கிறது. அது 60 நாள் கெடாது என்று வைத்துக்கொள்வோம். கூட்டுக் கன்டெய்னர் நிறையும் வரை சென்னையில் 10 நாள், கப்பலும் சுங்கமுமாக 20 நாள் போனால், அலமாரிக்கு வரும்போது மீதி 30 நாளே. அதற்குள் விற்காதது நட்டம். தேதியை மாற்றி ஒட்டுவது சட்டப்படி குற்றம், மார்க்கப்படி மோசடி. பொட்டலத்தைப் பிரித்ததும் சிக்கு வாடை அடித்தால், தேதி மீதமிருந்தாலும் எண்ணெய் கெட்டுவிட்டது என்று பொருள்.

கடலை மிட்டாய் சற்று நீண்ட நாள் தாங்கும். ஆனால் கடலையில் வேறு எச்சரிக்கை தேவை. அறுவடைக்குப் பின் சரியாகக் காயாத கடலையில் பூஞ்சை பிடித்து அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு உண்டாகும். வறுத்தாலும் அது முழுதும் நீங்காது. சுருங்கிய, நிறம் மாறிய பருப்பைக் கையால் பொறுக்கி நீக்குவது முதற்காப்பு. ஆய்வகச் சான்று இரண்டாவது. ஏற்றுமதிக்கு இந்தியாவில் ஐஇசி எண்ணும் எஃப்எஸ்எஸ்ஏஐ உரிமமும் தேவை. சிறு குடும்பம் இவற்றை வைத்திருக்கும் சென்னை ஏற்றுமதியாளர் வழியே அனுப்புவது எளிது. அங்கே பொருளைப் பதிவு செய்து, அரபு லேபிளில் சேர்மானம், தயாரிப்பு நாள், காலாவதி நாள், நாட்டின் பெயர் ஆகியவற்றைக் காட்ட வேண்டும்.

அரிசியில் ஒரே வழியை நம்பலாகாது என்பதற்கு அண்மைச் சான்று உண்டு. 2023 ஜூலையில் இந்தியா பாசுமதி அல்லாத பச்சரிசி ஏற்றுமதியைத் தடை செய்தது. ஆகஸ்டில் புழுங்கலரிசிக்கு 20 விழுக்காடு வரி விதித்தது. பச்சரிசித் தடை 2024 செப்டம்பரில்தான் நீங்கியது. ஒரே சரக்காளரிடம் முன்பணம் கொடுத்து நிற்பவர் இத்தகைய காலத்தில் என்ன செய்வார்?

கடன் புத்தகம் பற்றியும் ஒரு சொல். மாதச் சம்பளக்காரர் பற்று வைப்பார். ஊர்க்காரர் என்பதால் நாம் எழுத வெட்கப்படுவோம். குர்ஆனின் மிக நீண்ட வசனமே கடனை எழுதி வைப்பது பற்றியதுதான். பற்று வைப்பவரிடமும் பங்காளியிடமும் உரிமத்தில் கையொப்பமிடுபவரிடமும் அதையே கடைப்பிடிப்போம். கடையைச் சொந்தப் பெயரில் வைக்க இயலாத நாட்டில், கடை வைக்காமல் இருப்பதே நம் முதலுக்குப் பாதுகாப்பு.