பழைய பெட்டியும் புதிய பெட்டியும்

நம் வீட்டு அம்மம்மாவின் பகற்பொழுதுக்குத் துணை, விறாந்தையிலுள்ள பழைய தொலைக்காட்சிப் பெட்டியே. சென்ற மாதம் வந்த புதிய செட்-டொப் பெட்டியின் பின்புறத்தில் தட்டையான HDMI துவாரம் ஒன்று மட்டுமே இருந்தது. தொலைக்காட்சியிலோ மஞ்சள், வெள்ளை, சிவப்பு என மூன்று வட்டக் குழிகள். "இதை விற்றுவிட்டுப் புதிதொன்று வாங்குவோம்" என்றான் மருமகன். அம்மம்மா ஒன்றும் பேசாது எழுந்து உள்ளே போய்விட்டார். அதனாலேயே நாம் இவ்வேலையில் இறங்கினோம்.

முதலில் ஏமாந்தோம். ஒரு முனையில் HDMI, மறுமுனையில் மூன்று நிற முனைகள் உள்ள வயர் ஒன்றைக் கடைக்காரர் தந்தார். மாட்டினோம், திரை கறுப்பாகவே இருந்தது. காரணம் எளிது. புதிய பெட்டி படத்தை எண்களாக அனுப்புகிறது. பழைய தொலைக்காட்சிக்கோ மின் அலையே விளங்கும். வெறும் வயர் மொழிபெயர்க்காது. அதற்கென ஒரு சிறு மாற்றி வேண்டும்.

மாற்றியிலும் இருவகை உண்டு. தோற்றத்தில் இரட்டைப் பிள்ளைகள். நமக்கு வேண்டியது HDMI2AV என்று எழுதப்பட்டது. AV2HDMI என்பது நேர்எதிரான வேலைக்குரியது. HDMI துவாரத்தருகே INPUT என்றிருக்கிறதா என்று பார்த்து வாங்குக.

செட்-டொப் பெட்டியிலிருந்து HDMI வயரை மாற்றிக்குள் செருகினோம். மாற்றியிலிருந்து மூன்று நிற வயர்கள் அவ்வந்நிறக் குழிகளுக்குச் சென்றன. மஞ்சள் படத்துக்கு, வெள்ளை இடப்புற ஒலிக்கு, சிவப்பு வலப்புற ஒலிக்கு. மாற்றிக்கும் மின்சாரம் வேண்டும். கைத்தொலைபேசியின் 5 வோல்ட் சார்ஜரே போதும். பின் ரிமோட்டில் AV என்பதை அழுத்தினோம்.

படம் வந்தது, ஆனால் நிறமின்றி! மாற்றியின் ஓரத்திலிருந்த சிற்றாளி NTSC பக்கம் நின்றது. இலங்கையில் விற்கப்பட்ட பழைய தொலைக்காட்சிகள் PAL முறைக்குரியவை. ஆளியைத் தள்ளியதும் சேலைகளுக்கெல்லாம் நிறம் வந்துவிட்டது. ஒலி மட்டும் கேட்கவில்லை. செட்-டொப் பெட்டியின் ஒலி அமைப்பில் Dolby என்றிருந்ததை PCM என்று மாற்றினோம், அதுவும் சரியாயிற்று.

அம்மம்மா வந்து அமர்ந்தார். "ஏன் பிள்ளை, எல்லாரும் பட்டினி கிடந்தவர்போல் மெலிந்து போனார்கள்?" என்றார். அகலப் படம் சதுரத் திரைக்குள் நெருக்குண்டதே காரணம். நம் தொலைக்காட்சி ரிமோட்டில் 16:9 என்ற தெரிவு இருந்தது. அதை அழுத்த, மேலும் கீழும் கறுப்புப் பட்டைகள் தோன்றி, முகங்கள் பழையபடி உருண்டன. எல்லாத் தொலைக்காட்சிகளிலும் இவ்வசதி இராது.

சிற்றெழுத்துகள் மங்கலாகவே தெரிகின்றன. பழைய திரையின் கோடுகள் குறைவு. மாற்றியால் அதைக் கூட்ட இயலாது. அதைச் சொன்னபோது, "கண்ணாடி போட்டாலும் எனக்கு அவ்வெழுத்துத் தெரிவதில்லை" என்று ஒலியைக் கூட்டச் சொன்னார் அம்மம்மா.