"சப்பென்றிருக்கிறது" என்றால் பிள்ளை எதைத் திருத்தும்?

கவிதைத் தாளில் நாங்கள் ஆசிரியர்கள் வழமையாக எழுதும் குறிப்பு இது: "சப்பென்றிருக்கிறது, உணர்ச்சி போதாது." பிள்ளை "சோகம்" என்பதைப் "பெருஞ்சோகம்" ஆக்கிக்கொண்டு வரும். கவிதை இன்னும் கெட்டுப்போகும். பிழை எங்களுடையது.

ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று, வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன உம்மாவைப் பற்றி எழுதியிருந்தது:

உள்ளமெல்லாம் சோகமானது
வீடெல்லாம் வெறுமையானது
விழிகளெல்லாம் ஈரமானது

சப்பென்றுதான் இருந்தது. ஆனால் எங்கே? வரி வரியாக விரல் வைத்துப் பார்த்தோம். மூன்றும் ஒரே செய்தி, மூன்றும் "ஆனது" என்றே முடிகின்றன. அந்த வீட்டுக்கு மட்டும் உரிய ஒரு பொருளும் இல்லை.

நடுவரியை மட்டும் மாற்றச் சொன்னோம். எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. "உம்மா போன கிழமை வீட்டில் என்ன நடந்தது? அதை எழுதுங்க மகள்" என்றோம். எழுதினாள்:

வாப்பா கட்டிவிட்ட தங்கச்சியின் பின்னல்
மத்ரஸா போகுமுன்னே அவிழ்ந்தது

பிறகு சோதனை. பழையதை ஒரு வகுப்பிலும் புதியதை இன்னொரு வகுப்பிலும் வாசித்து, தாளை மூடிவிட்டு, "என்ன ஞாபகம் இருக்கு?" என்று மட்டும் கேட்டோம். ("நல்லா இருக்கா?" என்று கேட்டால் எல்லோரும் ஓம் என்பார்கள்.) பழையதற்குக் "கவலை" என்றார்கள். புதியதற்குப் பின்னலைச் சொன்னார்கள். ஒருத்தி, "அப்ப உம்மாதான் ஒவ்வொரு நாளும் கட்டிவிட்டிருப்பா" என்றாள். அது கவிதையில் எழுதப்படவே இல்லை.

அடுத்து முதல் வரியை மறைத்து வாசித்தோம். ஒன்றும் குறையவில்லை, எடுத்துவிட்டாள். விழிகள் வரியையும் எடுக்கலாம் என்பது எங்கள் எண்ணம். அவள் விடமாட்டேன் என்கிறாள்.