பிழைக்குப் பெயர் வைப்பது யார்?

பெண்களுக்குச் சட்ட உதவி சொல்லும் சாட்பாட் ஒன்றைச் சோதிக்க வேண்டுமென்றால், முதலில் ஒரு அட்டவணை வந்து சேர்கிறது. "தகவல் சரியா, கனிவாகப் பேசியதா, தமிழ் சரளமா" என்று கட்டங்கள் இருக்கும். பதிவான உரையாடல்களைப் படித்து டிக் போட, உரையாடலுக்கு இத்தனை ரூபாய் என்று பெண்களை உட்கார வைப்பார்கள். கட்டங்களைத் தீர்மானித்தவர் ஒரு உரையாடலைக்கூடப் படித்திருக்க மாட்டார். இந்த வரிசையைத்தான் தலைகீழாக்க வேண்டும் என்கிறேன்.

புதுச்சேரியில் ஒரு பெண் இப்படிக் கேட்கிறாள் என்று வைத்துக்கொள்வோம்: "அப்பா சொத்துல எனக்குப் பங்கு இருக்கா? அண்ணன் இல்லைங்கிறான்." பாட் சொல்கிறது: "2005ஆம் ஆண்டுத் திருத்தப்படி மகளுக்கும் மகனுக்கும் சம உரிமை உண்டு." அவள் மறுபடி எழுதுகிறாள்: "எங்களுக்கு கோட் சிவில்னு சொல்றாங்களே?" பாட்: "இந்தியாவில் பிரெஞ்சுச் சட்டம் இப்போது நடைமுறையில் இல்லை." உரையாடல் அங்கே நிற்கிறது.

கட்டங்களின்படி இது தேறிவிடும். கனிவு இருக்கிறது, தமிழ் இருக்கிறது, 2005 திருத்தமும் உண்மைதான். ஆனால் இந்த ஊர்க்காரிக்குத் தெரியும்: 1881ஆம் ஆண்டு ஆணையின்கீழ் தம் சாதி, மத வழக்கச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்ற ரெனோன்சான் குடும்பங்கள் இங்கே உண்டு. இந்து வாரிசுரிமைச் சட்டம் புதுச்சேரி ரெனோன்சான்களுக்குப் பொருந்தாது என்று அதன் 2ஆம் பிரிவே சொல்கிறது. அவள் அண்ணன் சொல்வது சரியா தவறா என்பது, அந்தக் குடும்பம் எந்தச் சட்டத்தின்கீழ் வருகிறது என்று தெரிந்த பிறகுதான் தெரியும். பாட் அதைக் கேட்கவே இல்லை.

எனவே செய்ய வேண்டியது இதுதான். நூறு உரையாடல்களை எடுங்கள். பெயரும் போன் நம்பரும் அழிக்கப்பட்ட பிறகு. எந்தப் பட்டியலும் கையில் வேண்டாம். ஒவ்வொன்றிலும் முதலில் எங்கே தடம் புரண்டது என்று உங்கள் சொல்லிலேயே ஒரு வரி எழுதுங்கள். மேலே உள்ளதற்கு நான் எழுதுவது: "எந்தச் சட்டத்துக் குடும்பம் என்று கேட்கவில்லை." இரண்டாவது பதில் இன்னும் மோசம்தான். ஆனால் அது முதல் பிழையின் பிள்ளை. முதலாவதைத் திருத்தினால் பெரும்பாலும் அது பிறக்காது.

வரிகள் சேர்ந்த பிறகே அவற்றைக் குவியல் குவியலாகப் பிரிக்க வேண்டும். தரவிலிருந்து வகைகள் எழ வேண்டும் என்ற இந்த முறையை கிளேசரும் ஸ்ட்ராஸும் 1967இலேயே சமூகவியலுக்காக எழுதிவிட்டார்கள். மென்பொருள்காரர்கள் இப்போதுதான் கண்டுபிடித்ததுபோல் பேசுகிறார்கள். புதுச்சேரிப் பெண்ணுக்குத் தமிழ்நாட்டின் மகளிர் உரிமைத் தொகையைப் பரிந்துரைக்கும் பதிலும் நூறில் வரும். அதையும் ரெனோன்சான் பிழையையும் "ஊர் மாறிய பதில்" என்று ஒரே குவியலில் போடத் தோன்றும். போடாதீர்கள். முன்னதற்குச் சரியான ஆவணத்தைக் கொடுத்தால் போதும். பின்னதற்கு பாட் எதிர்க்கேள்வி கேட்கக் கற்க வேண்டும். மருந்து வேறென்றால் வகையும் வேறு.

அப்புறம் இன்னொன்று. "அவர் அடிக்கிறார், என்ன செய்ய?" என்ற கேள்விக்கு "அமைதியான நேரத்தில் மனம்விட்டுப் பேசுங்கள்" என்று பதில். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பற்றியோ 181 பற்றியோ ஒரு சொல் இல்லை. தகவல் பிழை ஏதும் இல்லாததால் அட்டவணையில் இதற்குக் கட்டமே கிடையாது. என் குவியலில் இதன் பெயர் "சமரசத்துக்குத் தள்ளுதல்". நூறில் இரண்டுதான் வரலாம், கொச்சைத் தமிழைத் தப்பாகப் புரிந்துகொண்டது நாற்பது வரலாம். எண்ணிக்கைப்படி வரிசைப்படுத்தினால் அந்த இரண்டும் அடியில் கிடக்கும். ஆகவே எத்தனை முறை என்ற எண்ணுக்குப் பக்கத்தில், நம்பி நடந்தால் அவளுக்கு என்ன ஆகும் என்பதையும் எழுதியே ஆக வேண்டும்.

அனுபவம் கலந்தால் புறவயத்தன்மை போய்விடும் என்பார்கள். பெண்கள்மீதான இணைய வசவுகளை அடையாளம் காணும் 'உளி' கருவிக்காக, டாட்டில் அமைப்பும் சென்டர் ஃபார் இண்டர்நெட் அண்ட் சொசைட்டியும் இந்தி, ஆங்கிலத்தோடு ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பதிவுகளையும் குறியிட வைத்தன. குறியிட்டவர்கள் அந்த வன்முறையைப் பட்டறிந்த, அதில் களப்பணி செய்த செயல்பாட்டாளர்களும் ஆய்வாளர்களும். ஒரே பதிவில் அவர்களுக்குள்ளும் கருத்து வேறுபட்டது. வேறுபடட்டும். இருவர் தனித்தனியே குறியிட்டு, மோதும் இடங்களை எடுத்துப் பேசினால்தான் வகையின் எல்லை எங்கே மங்கலாக இருக்கிறது என்று தெரியும்.

கடைசியாக, பாதியில் நின்ற உரையாடல்கள். பயனர் திரும்பக் கேட்கவில்லை என்றால் "தீர்ந்தது" என்று கணக்கெழுதும் வழக்கம் உண்டு. அந்தச் சொத்துக்காரி ஏன் போனாள் என்று பதிவு சொல்லாது: நம்பிப் போயிருக்கலாம், வெறுத்துப் போயிருக்கலாம், அண்ணன் போனைப் பிடுங்கியிருக்கலாம். "தெரியவில்லை" என்று ஒரு தனிக் குவியல் வையுங்கள். அதை வெற்றிக் கணக்கில் சேர்க்கச் சொன்னால், கையெழுத்துப் போட மறுங்கள்.