ஒரு ரூபாய்க்குப் பின்னாடி 499 ரூபாய்!

மாசம் பொறந்தாச்சு. வழக்கம்போல நம்ம 'பர்ஸ் செக்கிங்' நேரம். போன வாரம் ஏதாவது ஒரு ஆப்ல 'ஒரு ரூபாய்க்கு ஏழு நாள் ட்ரையல்'னு பார்த்து, டக்குனு யு.பி.ஐ. பின் நம்பர் போட்டீங்களா? அப்ப இந்த வாரம் உங்களுக்குத்தான்.

திருச்சியில ஹாஸ்டல்ல தங்கி பி.காம். படிக்கிற நம்ம தோழி ஒருத்தி, மார்ச் 3-ம் தேதி ராத்திரி ஒரு வீடியோ ஆப்ல இப்படித்தான் ஒரு ரூபாய் கட்டினா. ரெண்டு நாள்ல போரடிச்சுது. 5-ம் தேதி ஆப்பை அன்இன்ஸ்டால் பண்ணிட்டு, மேட்டர் முடிஞ்சுதுனு நிம்மதியா இருந்தா. 10-ம் தேதி காலையில அக்கவுன்ட்ல இருந்து 499 ரூபாய் காலி! அன்னிக்குத்தான் எக்ஸாம் ஃபீஸ் 1,150 ரூபாய் கட்ட கடைசி நாள். பேலன்ஸ் 1,420 ரூபாய் இருந்தது, 921 ஆயிடுச்சு. மீதி 229 ரூபாய்க்கு ரூம்மேட்கிட்ட கை நீட்ட வேண்டியதாப் போச்சு.

"நான்தான் ஆப்பையே தூக்கிட்டேனே!"ங்கறது அவளோட புலம்பல். இங்கதான் விஷயமே இருக்கு. அன்னிக்கு ராத்திரி அவ பின் நம்பர் போட்டது வெறும் ஒரு ரூபாய்க்கு இல்லை. 'மூணு மாசத்துக்கு ஒரு தடவை 499 ரூபாய் வரைக்கும் எடுத்துக்கலாம்'ங்கற அனுமதிக்கு. இதுக்குப் பேர் மேண்டேட். இது உட்கார்ந்திருக்கறது உங்க பேங்க்லயும் யு.பி.ஐ. ஆப்லயும். வீடியோ ஆப்பை அழிச்சா, போன்ல இருக்கற படம் மட்டும்தான் போகும். அனுமதி அப்படியே இருக்கும்.

பின் நம்பர் போடறதுக்கு முன்னாடி வர்ற ஸ்க்ரீன்ல மூணு விஷயம் இருக்கும். அதிகபட்சம் எவ்வளவு, எத்தனை நாளைக்கு ஒரு தடவை, எந்தத் தேதி வரைக்கும். பெரிய எழுத்துல 1 ரூபாய்னு இருக்கும். நீங்க படிக்க வேண்டியது அதுக்குக் கீழே இருக்கற சின்ன எழுத்தை.

"சொல்லாமக் கொள்ளாம எடுத்துட்டாங்க"னும் சொல்ல முடியாது. பணம் எடுக்கறதுக்கு 24 மணி நேரம் முன்னாடியே தகவல் சொல்லணும்கறது ரிசர்வ் வங்கி விதி. தோழிக்கும் 9-ம் தேதி மெசேஜ் வந்திருக்கு. லோன் ஆஃபர், ரம்மி விளம்பரம்னு இருபது மெசேஜுக்கு நடுவுல அதைக் கவனிக்கலை, அவ்வளவுதான். 15,000 ரூபாய்க்குள்ள இருக்கற சந்தாவுக்கு ஒவ்வொரு தடவையும் பின் நம்பர் கேட்க மாட்டாங்க. அதனால அந்த ஒரு மெசேஜ்தான் உங்க கடைசி சான்ஸ். 'பேலன்ஸே இல்லையே, தப்பிச்சோம்'னும் நினைக்காதீங்க. ஒரு தடவை பணம் கிடைக்கலைன்னா மறுபடியும் முயற்சி பண்ணுவாங்க. அப்பா பணம் போட்ட அடுத்த நிமிஷம்கூட அது போகலாம்.

சரி, இன்னிக்கு என்ன பண்ணணும்? பத்து நிமிஷம் போதும்.

முதல்ல உங்க யு.பி.ஐ. ஆப்ல ப்ரொஃபைல் படத்தைத் தொட்டு Autopay பகுதிக்குப் போங்க. உயிரோட இருக்கற மேண்டேட் எல்லாம் அங்கே வரிசையா நிக்கும். ரெண்டு ஆப் வெச்சிருந்தா ரெண்டுலயும் பாருங்க. வேண்டாததை ரத்து பண்ணுங்க. Pause-ஐ அமுக்கிட்டு ரத்தாயிடுச்சுனு நினைச்சுடாதீங்க. அது தற்காலிகம்தான், திரும்ப உயிர் வந்துடும்.

அடுத்து ப்ளே ஸ்டோர். அங்கேயும் ப்ரொஃபைல் படம், Payments & subscriptions, Subscriptions. கார்டு கொடுத்திருந்தா அந்த பேங்க் ஆப்லயும் ஒரு பார்வை. கடைசியா எஸ்.எம்.எஸ். பாக்ஸ்ல mandate, autopay-னு தேடிப் பாருங்க. மறந்துபோன பழைய பாவமெல்லாம் வெளியே வரும்.

மேண்டேட்டை மட்டும் வெட்டினா பணம் போகாது. ஆனா, அந்த ஆப்ல சந்தா பாக்கின்னு நிக்கலாம். அதனால ஆப் உள்ளேயும் போய் கேன்சல் பண்ணிடுங்க. அன்இன்ஸ்டால் எல்லாம் அதுக்கப்புறம்தான்.

இன்னொரு ட்ரிக். ட்ரையல் எடுத்த அன்னிக்கே கேன்சல் பண்ணிடலாம். ப்ளே ஸ்டோர் வழியா எடுத்ததுல பெரும்பாலும் ட்ரையல் முடியற வரைக்கும் பார்க்க விடுவாங்க. நேரடியா எடுத்த சில ஆப்ல அப்பவே கதவைச் சாத்திடுவாங்க. கேன்சல் ஸ்க்ரீன்ல எந்தத் தேதி வரைக்கும்னு போட்டிருக்கும், படிச்சுட்டு அமுக்குங்க. அப்படிச் சாத்தற ஆப்பா இருந்தா, ட்ரையல் முடியறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி போன்ல அலாரம் வெச்சுடுங்க.

தோழிக்கு அந்த 499 திரும்பி வரலை. பின் நம்பர் போட்டது அவளேதான்கறதால, பேங்க் அதை மோசடிக் கணக்குல சேர்க்கலை. ஆனா, ஜூன் 10-ம் தேதி போக வேண்டிய அடுத்த 499-ஐக் காப்பாத்திட்டா. உங்களோட அடுத்த தேதி எது? பக்கத்தை மூடிட்டு போனைத் திறங்க பாஸ்!